முழுப்படி எடுத்த அட்டை காப்பாகாது

வீட்டின் விளக்குகளையும் நீர்ப்பம்பியையும் கதவு உணரிகளையும் ஒரு சிறு கணினியின் வழியே இயக்குவோரிடையே ஒரு கருத்து கேள்விக்கு இடமில்லாததாக நிலைபெற்றிருக்கிறது. அந்தக் கணினியின் மெமரி கார்டை, அதாவது நினைவட்டையை, ஒருமுறை முழுமையாகப் படியெடுத்து இன்னோர் அட்டையில் பதித்து வைத்துவிட்டால் போதும், முதல் அட்டை பழுதாகும் நாளில் இரண்டாவதைச் செருகினால் வீடு பழையபடி இயங்கும் என்பதே அக்கருத்து. எளிமையானது, செலவு குறைந்தது, கேட்டவுடன் நம்பத்தக்கது. ஆயினும் அட்டை ஏன் பழுதாகிறது, பழுதான பின் எந்த வன்பொருள் கிடைக்கிறது, அமைப்புகள் உண்மையில் எங்கே இருக்கின்றன என்ற மூன்று வினாக்களையும் நாவலப்பிட்டி போன்ற ஒரு மலையக ஊரின் நிலைமையில் வைத்துப் பார்க்கும்போது, இக்கருத்து நிற்கவில்லை.

பேசப்படும் பொருள் எது என்பதை முதலில் வரையறுப்பது நல்லது. வீட்டுத் தானியக்கத் தளம் என்பது வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒரே இடத்தில் இணைத்து, "தாங்கியில் நீர்மட்டம் குறைந்தால் பம்பியை இயக்கு" என்பது போன்ற விதிகளை நிறைவேற்றும் மென்பொருளாகும். கை குரொய்ட்ஸர் 2010இல் தொடங்கிய ஓப்பன்ஹாப், பவுலஸ் ஸ்கௌட்சன் 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் ஆகிய இரண்டும் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். இரண்டையும் பலர் ராஸ்பெரி பை என்னும் கையடக்கக் கணினியில், ஒரு நினைவட்டையின் மேல்தான் நிறுவுகிறார்கள். இங்கே ஹோம் அசிஸ்டன்டே உதாரணமாகக் கொள்ளப்படுகிறது. ஓப்பன்ஹாப்பில் கட்டளைகள் வேறுபட்டாலும் வாதம் மாறாது.

நினைவட்டை பழுதாவதற்கு அடிக்கடி எழுதுவதால் ஏற்படும் தேய்மானமே காரணம் என்று பலரும் சொல்கின்றனர். அது பாதி உண்மை. ஹோம் அசிஸ்டன்ட் ஒவ்வோர் உணரியின் மாற்றத்தையும் `home-assistant_v2.db` என்ற தரவுத்தளக் கோப்பில் சில நொடிகளுக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே இருக்கிறது. அட்டையின் நினைவுச் சில்லுகள் குறிப்பிட்ட அளவு அழித்தெழுதல்களையே தாங்கும். ஆனால் அட்டைக்குள் தரவு மட்டும் இருப்பதில்லை. எந்தத் தரவு எந்தச் சில்லில் உள்ளது என்பதைக் காட்டும் ஒரு வரைபடத்தை அட்டையின் கட்டுப்படுத்தி தானே எழுதித் தானே திருத்திக்கொண்டிருக்கிறது. அந்தத் திருத்தம் நடக்கும் கணத்தில் மின்சாரம் நின்றால், புத்தம் புதிய அட்டையும் கெட்டுப்போகலாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டில், 2023 டிசம்பர் 9 அன்று கொத்மலை - பியகம மின்கடத்தல் வழியின் கோளாறாலும் 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறாலும் தீவு முழுதும் இருண்ட நாட்டில், தேய்மானத்தை மட்டும் பேசுவது பொருந்தாது. "நல்ல அட்டையாக வாங்குங்கள்" என்ற அறிவுரையின் குறை இதுதான்.

அட்டையைக் கைவிட்டு எஸ்எஸ்டி என்னும் திண்மநிலை வட்டுக்கு மாறுவது மேலானது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அது உண்மையிலேயே நீடித்து உழைக்கிறது. எனினும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச் - ஏப்ரல், ஒக்டோபர் - நவம்பர் மாதங்களில் மலைச்சரிவில் இறங்கும் இடி, மின்கம்பியின் வழியாகவோ தொலைபேசிக் கம்பியின் வழியாகவோ வந்தால், கணினியையும் வட்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. தவறான கட்டளையால் அழிந்த கோப்பையும் எஸ்எஸ்டி மீட்டுத் தராது. சேமிப்பகம் உறுதியானது என்பதும் அதில் உள்ளது வேறிடத்திலும் உள்ளது என்பதும் இரு வேறு செய்திகள்.

இனி முழுப்படிக்கு வரலாம். முழுப்படி என்பது அட்டையின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டுவரை, கோப்பு எது வெற்றிடம் எது என்று பாராமல் அப்படியே நகலெடுப்பதாகும். இதற்கு அடிப்படையான ஒரு நிபந்தனை உண்டு: நகலெடுக்கும் நேரத்தில் அட்டையில் எதுவும் எழுதப்படக் கூடாது. எழுதப்பட்டால், தரவுத்தளத்தின் தலைப்பகுதி ஒரு நிமிடத்துக்கும் வால்பகுதி இன்னொரு நிமிடத்துக்கும் உரியதாகி, படி திறக்கும்போது `database disk image is malformed` என்ற செய்தி வரும். ஆகவே ஒழுங்காகச் செய்பவர் தளத்தை நிறுத்தி, கணினியை அணைத்து, அட்டையைக் கழற்றி, மடிக்கணினியில் செருகி, 32 ஜிகாபைட் அட்டையாயின் அரை மணி நேரம்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் வீடு தன் விதிகளை மறந்து கிடக்கும். இந்தச் சிரமத்தின் விளைவை எவரும் ஊகிக்கலாம்: முழுப்படி ஒருமுறை எடுக்கப்படுகிறது, பிறகு எடுக்கப்படுவதேயில்லை. அட்டை பழுதாகும் நாளில் கையிலிருப்பது ஓராண்டுக்கு முந்தைய வீடு. இடையில் சேர்த்த உணரிகளையும் மாற்றிய விதிகளையும் அது அறியாது.

இதைவிடக் கொடியது, பழுதாகத் தொடங்கிய அட்டையைப் படியெடுப்பது. நினைவட்டை பெரும்பாலும் ஒரேயடியாக இறப்பதில்லை. சில அட்டைகள் எழுதுவதை ஏற்றுக்கொள்வதுபோல் காட்டிவிட்டு உண்மையில் எதையும் எழுதாத நிலைக்குச் சென்றுவிடுகின்றன. அப்போது புதிதாக எழுதிய ஒரு விதி அன்று முழுதும் வேலை செய்யும். கணினியை மறுபடி தொடக்கியதும் காணாமற்போகும். வேறு சிலவற்றில் கோப்பு முறைமையே தன்னைப் பாதுகாக்க வாசிப்புக்கு மட்டும் என்ற நிலைக்கு மாறிக்கொள்ளும். கணினியின் பதிவேட்டில் `I/O error, dev mmcblk0` அல்லது `Remounting filesystem read-only` என்ற வரிகள் தென்படும். வரலாற்று வரைபடங்கள் திடீரென வெறுமையாகி, தரவுத்தளக் கோப்புக்கு அருகே `.corrupt` என்ற சொல் ஒட்டிய இன்னொரு கோப்பு தோன்றுவதும் ஓர் அறிகுறி. இந்த அறிகுறிகளைக் கண்ட பின் எடுக்கப்படும் முழுப்படி, நோயையும் சேர்த்தே படியெடுக்கிறது. அந்தப் படி புதிய அட்டையில் குறையின்றிப் பதியும், குறையின்றித் தொடங்கவும் கூடும், ஆனால் எந்தக் கோப்பின் நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது என்பது பல நாட்களுக்குப் பிறகே தெரியவரும்.

இவற்றையெல்லாம் கவனமாகத் தவிர்த்த ஒருவருக்கும் முழுப்படி உதவாத இடம் ஒன்று உண்டு. இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது அதையே. முழுப்படி, தான் எடுக்கப்பட்ட வன்பொருளோடு பிணைந்தது. ராஸ்பெரி பை 3இல் எடுத்த படி, 2023இல் வெளிவந்த ராஸ்பெரி பை 5இல் தொடங்காது. ஹோம் அசிஸ்டன்டின் இயங்குதளம் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியே வெளியிடப்படுவதும், பை 5இன் செயலிக்குரிய தொடக்கக் கோப்புகள் பழைய படியில் இல்லாததுமே காரணம். இன்டெல் செயலி கொண்ட, அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த சிறு மேசைக்கணினிகளில் அது தொடங்கும் என்ற கேள்விக்கே இடமில்லை. 2021இலிருந்து 2023வரை ராஸ்பெரி பை உலகெங்கும் தட்டுப்பாடாக இருந்ததும், அதே காலத்தில் இலங்கை அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியதும் மறக்கக்கூடியவை அல்ல. அதே பலகை கிடைக்கும் என்ற எண்ணத்தின் மேல் கட்டிய காப்பு, பலகை கிடைக்காத நாளில் வெறும் அட்டையாகிவிடுகிறது. மேலும் 2025 மே மாதத்தில் ஹோம் அசிஸ்டன்ட் திட்டம், 32 பிட் செயலி முறைகளுக்கான ஆதரவை அரையாண்டு அவகாசத்துடன் முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பழைய பை 3களில் பல 32 பிட் பதிப்போடு நிறுவப்பட்டவை. அவற்றின் முழுப்படியை மீட்டமைப்பவர், புதுப்பிப்பு வராத ஒரு முட்டுச்சந்தையே மீட்டமைக்கிறார்.

இதற்கு மாற்றாக நிற்பது, தளமே உருவாக்கும் காப்புப்பிரதி. ஹோம் அசிஸ்டன்டில் அது `.tar` என்று முடியும் ஒரே கோப்பாக அமைகிறது. அதனுள் அமைப்புகளும், துணைச்செயலிகளின் தரவுகளும், எவையெவை நிறுவப்பட்டிருந்தன என்ற பட்டியலும் இருக்கின்றன. இயங்குதளம் இல்லை, செயலிக்குரிய எதுவும் இல்லை. அதனாலேயே பை 3இல் எடுத்ததை இன்டெல் கணினியில் திறக்க முடிகிறது. வரலாற்றுத் தரவுத்தளத்தை விலக்கிவிட்டால் கோப்பு மிகச் சிறியதாகிறது, ஆகவே தளம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே நாள்தோறும் எடுத்து வெளியே அனுப்ப முடிகிறது.

இங்கே இன்னொரு பழைய நம்பிக்கையையும் திருத்த வேண்டியிருக்கிறது. `configuration.yaml` என்ற எழுத்துக்கோப்பை நகலெடுத்து வைத்தால் அமைப்புகள் அனைத்தும் கிடைத்துவிடும் என்று, தளத்தின் தொடக்க ஆண்டுகளில் பழகியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அன்று அது உண்மை. இன்று திரையின் வழியே சேர்க்கப்படும் கருவிகள், அவற்றுக்கு இடப்பட்ட பெயர்கள், அறைகள், பயனர் கணக்குகள், கடவுச்சொற்கள் ஆகியவை `.storage` என்ற கோப்புறையில் எழுதப்படுகின்றன. புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் லினக்ஸ் கணினிகளில் அது கண்ணுக்குத் தெரியாது. கையால் நகலெடுப்பவர் அதை விட்டுவிடுவார். விதிகள் மட்டும் திரும்பி வந்து, அவை குறிப்பிடும் கருவிகள் ஒன்றுகூட இல்லாத வீடே அவருக்குக் கிடைக்கும்.

ஆயினும் காப்புப்பிரதி என்று ஒன்று இருப்பதாலேயே நிம்மதி கொள்வதும் பிழை. அந்தக் கோப்பு இயல்பாகச் சேமிக்கப்படும் இடம், பழுதாகப் போகும் அதே அட்டைதான். 2025 ஜனவரி வெளியீட்டிலிருந்து நாள்தோறும் தானாகக் காப்புப்பிரதி எடுக்கும் வசதி வந்திருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் வலையமைப்புச் சேமிப்பகத்துக்கோ இணையவெளிச் சேமிப்பகத்துக்கோ அதை அனுப்பலாம். ஆனால் இடத்தைத் தெரிவுசெய்ய வேண்டியவர் வீட்டுக்காரரே. அத்தோடு இந்தப் பிரதிகள் இயல்பாக மறைகுறியாக்கப்படுகின்றன: அப்போது ஒரு சாவிச்சொல் இல்லாமல் அவற்றைத் திறக்க முடியாது. சாவியைச் சிறு எழுத்துக்கோப்பாகப் பதிவிறக்கிக்கொள்ளத் தளம் கேட்கும்போது "பிறகு" என்று தள்ளிவிட்டவர், பெட்டகத்தின் சாவியைப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டியவராகிறார். சாவியைத் தாளில் எழுதி வீட்டு உறுதியோடு வைப்பது போதும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்த பின், ஒரு பிரதியாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதற்குத் தனியே வாதம் தேவையில்லை.

முறை எப்படி இயங்குகிறது என்பதை ஒரு மாதிரி வீட்டின் வழியே காணலாம். நாவலப்பிட்டி நகருக்கு மேலே ஒரு சரிவில் அமைந்த வீட்டில், ஒரு பை 3 கணினி, யூஎஸ்பி வழியே செருகிய ஸிக்பீ குச்சி ஒன்று (ஸிக்பீ என்பது மின்கலத்தில் ஆண்டுக்கணக்காக இயங்கும் உணரிகளுக்கான குறைந்த ஆற்றல் வானொலி முறை), சில கதவு உணரிகள், வைஃபை வழியே இயங்கும் பம்பி ஆளி ஒன்று ஆகியவை இருப்பதாகக் கொள்வோம். அவ்வீட்டார் மின்தடைக்குப் பின் கணினி தொடங்காததைக் காண்கிறார்கள். முதற் செயல், பழைய அட்டையைக் கழற்றி ஒதுக்கி வைப்பது. அதில் எதையும் எழுதவோ திருத்தவோ முயலக் கூடாது. வெளியே அனுப்பிய காப்புப்பிரதி இருந்தால் அந்த அட்டை இனித் தேவையில்லை. இல்லாவிடில் லினக்ஸ் கணினியொன்றில் வாசிப்புக்கு மட்டும் திறந்து பார்க்கலாம்:

```
sudo mount -o ro,noload LABEL=hassos-data /mnt
sudo ls /mnt/supervisor/backup
```

`noload` என்ற சொல், கோப்பு முறைமை தன் முடிவடையாத எழுதுதல்களை நிறைவுசெய்ய முயன்று நொந்த அட்டையை மேலும் நோகடிக்காமல் தடுக்கிறது. அங்கே `.tar` கோப்பு கிடைத்தால் அதை உடனே வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும்.

அடுத்து, கிடைத்த புதிய வன்பொருள் கழித்த மேசைக்கணினியாக இருப்பின், அதற்குரிய `generic-x86-64` பதிப்பை அதன் வட்டில் பதித்து, வலையமைப்புக் கம்பியால் ரவுட்டரோடு இணைத்துத் தொடக்க வேண்டும். மடிக்கணினியின் உலாவியில் `http://homeassistant.local:8123` என்ற முகவரியைத் திறந்தால், புதிய வீட்டை உருவாக்குவதா, காப்புப்பிரதியிலிருந்து மீட்டமைப்பதா என்ற தெரிவு முதற்பக்கத்திலேயே வரும். மீட்டமைப்பதைத் தெரிந்து, கோப்பை ஏற்றி, சாவியைக் கொடுத்த பின் பக்கம் நீண்ட நேரம் உறைந்ததுபோல் தோன்றக்கூடும். இந்த இடத்தில் பொறுமையிழந்து மின்சாரத்தைத் துண்டிப்பவர்களே மீட்டமைப்பைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்கள். முடிந்ததும் பழைய பயனர்பெயரும் கடவுச்சொல்லும் செல்லுபடியாகும். அவையும் `.storage`க்குள் இருந்தவையே.

ஆனால் இப்போது பம்பி ஆளி பேசாது. எதிர்க்கருத்தினர் பெரும்பாலும் இந்த இடத்தைக் காட்டியே, "தளத்தின் காப்புப்பிரதி முழுமையற்றது" என்கிறார்கள். குறை காப்புப்பிரதியில் இல்லை, ரவுட்டரில் இருக்கிறது. பழைய கணினிக்கு 192.168.1.10 போன்ற ஒரு முகவரியை ரவுட்டர் அதன் வலையமைப்பு அட்டையின் அடையாள எண்ணை வைத்து ஒதுக்கியிருந்தது. புதிய கணினிக்கு வேறு அடையாள எண், ஆகவே வேறு முகவரி. ஆளி இன்னும் பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கிறது. ரவுட்டரின் ஒதுக்கீட்டில் புதிய எண்ணை எழுதினால் ஆளி திரும்பிவிடும். பை 3 மாறி பை 5 வந்தால் முழுப்படி எடுத்தவருக்கும், அவருடைய படி தொடங்கிவிடுவதாகவே வைத்துக்கொண்டாலும், இதே சிக்கல் காத்திருக்கும்.

ஸிக்பீ குச்சியைப் புதிய கணினிக்கு அப்படியே மாற்றிச் செருகினால் உணரிகளை மறுபடி இணைக்க வேண்டியதில்லை. வலையின் இரகசியச் சாவி குச்சிக்குள்ளேயே இருக்கிறது. குச்சியின் முகவரியை `/dev/ttyUSB0` என்று எழுதியிருந்தால் புதிய கணினியில் அது மாறக்கூடும். `/dev/serial/by-id/` என்று தொடங்கும் முகவரி குச்சியின் தொடர் எண்ணைப் பற்றியிருப்பதால் மாறாது. மின்கலத்தில் இயங்கும் உணரிகள் தம் அடுத்த விழிப்பின்போதே பேசும், அதற்குச் சில மணிநேரம் ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டு அவற்றை நீக்கி மறுபடி இணைப்பவர், கெடாத ஒன்றைக் கையால் கெடுக்கிறார். குச்சியும் இடியில் போயிருந்தால் மட்டுமே வேறு வழி தேவை. ஹோம் அசிஸ்டன்டின் உள்ளமைந்த ஸிக்பீ பகுதி வலையின் சாவியையும் அடையாளங்களையும் தானே காப்பெடுத்து வைப்பதால், இணக்கமான புதிய குச்சிக்கு அவற்றை மாற்ற முடியும்.

முழுப்படிக் கருத்தின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. தளத்தின் காப்புப்பிரதியில் மென்பொருளே இல்லை, அமைப்புகளும் தரவுகளும் மட்டுமே உள்ளன. மீட்டமைக்கும்போது தளமும் துணைச்செயலிகளும் இணையத்திலிருந்து மறுபடி இறங்க வேண்டும். அது பல நூறு மெகாபைட். புயலுக்குப் பின் இணையம் அறுந்த ஊரில் மீட்டமைப்பு நடக்காது, முழுப்படியோ இணையமின்றியே தொடங்கும். அதே பலகை நல்ல நிலையில் இருந்து அட்டை மட்டும் போன இரவில், பழைய முழுப்படி ஒரு தற்காலிக ஊன்றுகோலாகப் பயன்படும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ராஸ்பெரி பையின் பொது இயங்குதளத்தில் தாமே பல மாற்றங்களைச் செய்து, அதன்மேல் தளத்தைத் தனிக் கொள்கலனாக இயக்குவோருக்கும் முழுப்படி ஓரளவு பொருள் உள்ளது, ஏனெனில் அம்மாற்றங்கள் தளத்தின் காப்புப்பிரதிக்குள் வருவதில்லை. ஆனால் ஊன்றுகோலைக் காலென்று நம்பி, நாள்தோறும் வெளியே செல்லும் காப்புப்பிரதியை அமைக்காமல் விடுவதே இங்கு மறுக்கப்படுகிறது.

எந்த முறையாயினும், அது வேலை செய்யும் என்பதற்கு ஒரே சான்று, வேறொரு வன்பொருளில் அதை மீட்டமைத்துப் பார்ப்பதாகும். அதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். பழைய தளமும் மீட்டமைத்த தளமும் ஒரே வலையமைப்பில் ஒருங்கே இயங்கினால், இரண்டும் ஒரே விதிகளை நிறைவேற்ற முயன்று ஒரே பம்பிக்கு மாறுபட்ட கட்டளைகளை அனுப்பக்கூடும். ஆகவே பழையதை முறையாக அணைத்து, குச்சியை மாற்றிச் செருகி, புதியதில் மீட்டமைத்து, பம்பியும் கதவு உணரிகளும் பேசுகின்றனவா என்று பார்த்து, குறை இருப்பின் அதைக் குறித்துக்கொண்டு பழையதற்கே திரும்பலாம். பழைய அட்டை நல்ல நிலையில் இருக்கும்போது இந்த ஒத்திகைக்கு ஒரு மாலைப்பொழுதுதான் செலவு.

தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை மே மாத இறுதியில் நாவலப்பிட்டிச் சரிவுகளைப் பிடிக்கும் முன், இத்தகைய தளத்தை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் மூன்று காரியங்களைச் செய்து முடிக்க வேண்டும்: நாள்தோறும் எடுக்கப்படும் காப்புப்பிரதி அட்டைக்கு வெளியே போகிறதா என்று பார்ப்பது, அதன் சாவியைத் தாளில் எழுதுவது, கடன் வாங்கியாவது வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டமைத்துப் பார்ப்பது. இழுப்பறையில் உள்ள இரண்டாவது அட்டையை அதன் பிறகும் அங்கேயே வைத்திருக்கலாம்.